மை எங்கே வரும், மைன் எங்கே வரும்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் பேசப் பழகும் பலர் "திஸ் பேக் இஸ் மை" என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் "திஸ் இஸ் மைன் பேக்" என்கிறார்கள். இரண்டும் தவறு. முதல் வாக்கியத்தில் மைன் வர வேண்டும், இரண்டாவதில் மை வர வேண்டும். ஏன் என்பதற்கான விடை நாம் தினமும் பேசும் தமிழிலேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் மேசை மேல் ஒரு சார்ஜர் கிடக்கிறது. "இது யாரோடது?" என்று அம்மா கேட்கிறார். "என்னோடது" என்று பதில் சொல்கிறீர்கள். அல்லது "அது என்னோட சார்ஜர்" என்கிறீர்கள். "என்னோடது சார்ஜர்" என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. பொருளின் பெயரைச் சொல்லப்போகிறோம் என்றால் "என்னோட" போதும். பெயரைச் சொல்லாமல் விடும்போது அதற்கு ஈடாகக் கடைசியில் ஒரு "து" சேர்க்கிறோம். பொருள் அந்த "து"வுக்குள் அடங்கிவிடுகிறது.

மைன் என்பதும் இப்படித்தான். அதற்குள் பொருளும் அடக்கம். அதனால் அதற்குப் பின்னால் பொருளின் பெயரை மறுபடி சொல்லக் கூடாது. மை அப்படியல்ல. அது தனியாக நிற்காது, பின்னால் ஒரு பெயர் வந்தே ஆக வேண்டும். "மை சார்ஜர்" சரி. "தட் இஸ் மைன்" சரி. வாய் திறப்பதற்கு முன் அந்த வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். "என்னோடது" என்று வந்தால் மைன். "என்னோட" என்று வந்து பொருளின் பெயரும் தொடர்ந்தால் மை.

பேச்சுத் தமிழில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாட்டிலும் மேடையிலும் வரும் "எனது" என்ற சொல் இரண்டு இடத்துக்கும் பொருந்திவிடும். "எனது ஊர்" என்றும் சொல்லலாம், "இந்த ஊர் எனது" என்றும் சொல்லலாம். மை என்றால் எனது, மைன் என்றாலும் எனது என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்தவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? குழப்பத்துக்கு வித்து பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது. அந்தச் சொற்பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிற "என்னோட", "என்னோடது" இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைக்குப் பின்னால் பொருளின் பெயர் உடனே வராமல் சற்றுத் தள்ளியும் வரலாம். "மை நியூ பிளாக் சார்ஜர்" என்பதில் நியூ, பிளாக் இரண்டும் நடுவே நிற்கின்றன. சார்ஜர் கடைசியில் வந்துவிடுவதால் மைதான் சரி.

மற்ற சொற்களும் இதே வழியில் போகின்றன. யுவர், யுவர்ஸ். ஹெர், ஹெர்ஸ். நம்மோட என்பதற்கான ஆங்கிலச் சொல்லான அவர், அவர்ஸ். தெயர், தெயர்ஸ். இவை எல்லாவற்றிலும் "ஸ்" சேர்ந்ததுதான் நம் "து" சேர்ந்த வடிவம். மைன் மட்டும் "ஸ்" வாங்காது. மற்றவற்றைப் பார்த்து "மைன்ஸ்" என்று சொல்லிவிடாதீர்கள். பொருள் ஒன்றானாலும் பத்தானாலும் மைன்தான். தமிழில் "என்னுடையவை" என்று மாறும், ஆங்கிலத்தில் "தீஸ் புக்ஸ் ஆர் மைன்" என்றே நிற்கும். ஹிஸ் இரண்டு இடத்திலும் ஒரே வடிவம் என்பதால் அதில் கவலையே இல்லை.

எழுதும்போது இன்னொரு தவறு வருகிறது. பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதியிருப்பீர்கள். முடிவில் "யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி" அல்லது "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று போட்டுக் கையெழுத்திடுவோம். அந்த யுவர்ஸில் எஸ் எழுத்துக்கு முன்னால், மேலே ஒரு சின்னக் குறியை, அதாவது அப்பாஸ்ட்ரஃபியைப் பலர் போட்டுவிடுகிறார்கள். ராஜாவின் பைக் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ராஜாவுக்கும் எஸ்ஸுக்கும் இடையே அந்தக் குறி வருகிறதல்லவா, அந்தப் பழக்கம் இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்கிறது. பெயர்களுக்கு அந்தக் குறி வேண்டும். யுவர்ஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் நான்குக்கும் வேண்டவே வேண்டாம்.

அங்கே ஏன் யுவர் என்று போடாமல் யுவர்ஸ் என்று போடுகிறோம் தெரியுமா? பின்னால் ஒரு சொல் வருகிறதே என்று தோன்றலாம். ஆனால் ஃபெயித்ஃபுல்லி என்பது பொருளின் பெயரோ ஆளின் பெயரோ அல்ல, "உண்மையாக" என்று விதத்தைச் சொல்லும் சொல். அந்த இடத்தில் யுவர்ஸ் என்றால் "தங்களுடையவன்", "தங்களுடையவள்" என்று அர்த்தம். பெயர் எதுவும் தொடரவில்லை, அதனால் யுவர்ஸ். ஆகவே அடுத்து ஒரு சொல் வருகிறதா என்று பார்த்தால் போதாது, வருவது பெயரா என்று பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு அலுவலகத்துக்குப் போவோம். மீட்டிங் முடிந்த அறையில் ஒரு வெள்ளை சார்ஜர் கிடக்கிறது. மேலாளர் உங்களிடம் "இஸ் திஸ் யுவர் சார்ஜர்?" என்கிறார். சார்ஜர் என்ற பெயர் வந்துவிட்டது, அதனால் யுவர். நீங்கள், "நோ, மைன் இஸ் பிளாக்" என்கிறீர்கள். என்னோடது கறுப்பு, அதனால் மைன். இங்கே "மை இஸ் பிளாக்" என்றால் கேட்பவர் உங்கள் எது என்று காத்திருப்பார். அடுத்து, பக்கத்து மேசைப் பெண்ணைக் காட்டி "ஐ திங்க் இட்ஸ் ஹெர்ஸ்" என்கிறீர்கள். அவங்களோடது, அதனால் ஹெர்ஸ். "ஹெர் சார்ஜர் ஹேஸ் எ ஸ்டிக்கர்" என்று சொல்லும்போது சார்ஜர் திரும்ப வந்துவிட்டதால் ஹெர். கடைசியில் மேலாளரிடமே, "கேன் ஐ யூஸ் யுவர்ஸ்?" என்று கேட்கிறீர்கள். உங்களோடதை நான் பயன்படுத்தலாமா? இங்கே "து" நடுவில் ஒளிந்திருக்கிறது. உங்களோட-து-ஐ என்று பிரித்தால் தெரியும்.

"து" சோதனை கைவிடும் இடமும் ஒன்று உண்டு. "என் ஃப்ரெண்ட் ஒருத்தன் சென்னையில் இருக்கான்" என்பதைப் பலர் "ஒன் மை ஃப்ரெண்ட்" என்று அப்படியே மாற்றிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒன், எ போன்ற சொல்லை அடுத்து உடனே மை வராது. அதனால் உடைமைச் சொல்லைப் பின்னால் கொண்டுபோய் "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்" என்கிறார்கள். தமிழில் "து" எதுவும் கேட்கவில்லைதான். ஆனால் ஆங்கில வாக்கியத்தைப் பாருங்கள், உடைமைச் சொல்லுக்குப் பின்னால் பெயர் இல்லை. ஆகவே "ஆஃப் மை" என்று முடிக்க முடியாது, மைன்தான் வரும். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்" என்றும் சொல்லலாம். அங்கே ஃப்ரெண்ட்ஸ் பின்னால் வந்துவிடுவதால் மை. அப்படிச் சொல்லும்போது ஃப்ரெண்ட் என்று ஒருமையில் நிறுத்தாமல், ஃப்ரெண்ட்ஸ் என்று பன்மையில் சொல்ல வேண்டும்.

தேவாலயத்தில் பழைய ஆங்கில பைபிளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். 1611இல் வெளியான மொழிபெயர்ப்பில் "மைன் ஐஸ்", என் கண்கள், என்று வருகிறதே, பெயருக்கு முன்னால் மைன் நிற்கிறதே என்று. அது அந்தக் கால வழக்கம். இன்று ஆப்பிளுக்கு முன் எ வராமல் ஆன் வருவதுபோல, உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் அன்று மைன் வந்தது. இன்றைய பேச்சில் அங்கேயும் "மை ஐஸ்" என்றுதான் சொல்ல வேண்டும்.

நன்றி, வணக்கம்.