பன்றிப் பல் சொன்ன வயது

நேயர்களுக்கு வணக்கம்.

"இந்த எலும்புக்கு இருபது லட்சம் வயது" என்று செய்தியில் கேட்கிறோம். எலும்பில் யாரும் தேதி எழுதி வைக்கவில்லை. அப்படியானால் எப்படிச் சொல்கிறார்கள்? கென்யாவின் வடக்கே, துர்கானா ஏரிக்குக் கிழக்கே கூபி ஃபோரா என்ற வறண்ட நிலம் இருக்கிறது. அங்கே 1972-ல் பெர்னார்ட் ஙெனியோ என்பவர் ஓடைச் சரிவில் சில மண்டையோட்டுச் சில்லுகளைக் கண்டார். சலித்துப் பொறுக்கியதில் நூற்றைம்பதுக்கும் மேல் தேறின. ஒட்டிச் சேர்த்தபோது ஆதி மனிதன் ஒருவனின் மண்டையோடு வந்தது. அருங்காட்சியகப் பதிவில் அதற்கு 1470 என்று எண். அதன் வயதைப் பற்றி எழுந்த சண்டைதான் இன்றைய கதை.

முதலில், அந்த எலும்பு எப்படித் தப்பியது? வெட்டவெளியில் செத்த விலங்கின் எலும்பு சில ஆண்டுகளில் வெயிலில் வெடித்து, உதிர்ந்து போய்விடும். ஏரிக்கரையிலோ ஆற்றோரத்திலோ கிடந்து, அடுத்த வெள்ளம் கொண்டுவந்த வண்டல் சீக்கிரமே மூடிவிட்டால்தான் பிழைக்கும். அப்புறம் வேலை செய்வது நிலத்தடி நீர். எலும்பு வெளிப்பார்வைக்குத்தான் கெட்டி; உள்ளே நுண்துளைகள் ஏராளம். நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் சிலிக்காவும் அந்தத் துளைகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். வடிவம் அப்படியே இருக்கும், எடை மட்டும் கூடிவிடும். இதைத்தான் புதைபடிவம் என்கிறோம்.

சரி, வயது? பலரும் கார்பன் முறை என்பார்கள். அது சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான் உதவும். அதற்கு மேல் அளக்கும் அளவுக்குக் கதிரியக்கக் கார்பன் மிஞ்சாது. ஆகவே எலும்பை விட்டுவிட்டு, அது கிடந்த மண்ணைப் பார்க்கிறார்கள்.

கிணறு வெட்டும்போது பார்த்திருப்பீர்கள்: மேலே செம்மண், கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை. வண்டல் அடுக்குகளில், புரண்டு போகாத இடமென்றால், கீழே இருப்பது மூத்தது. கூபி ஃபோராவில் இந்த அடுக்குகளுக்கு நடுநடுவே எரிமலைச் சாம்பலும் படிந்திருக்கிறது. சாம்பலில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் படிகங்களில் பொட்டாசியம் உண்டு. அதில் ஒரு சிறு பங்கு மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறுகிறது. எரிமலைக் குழம்பாக இருந்தபோது பழைய ஆர்கான் வெளியேறிவிடும். படிகம் உறைந்த பிறகு உண்டாவது உள்ளேயே சிறைப்படும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், எரிமலை எப்போது வெடித்தது என்று தெரிந்துவிடும். சாம்பலுக்குக் கீழே கிடைத்த எலும்பு அதைவிடப் பழையது.

1470 கிடைத்தது கேபிஎஸ் என்ற சாம்பல் அடுக்குக்குக் கீழே. அந்தச் சாம்பலை முதல்முதலில் அளந்தபோது வந்த விடை 22 கோடி ஆண்டுகளுக்கும் மேல்! டைனோசர் காலத்தில் மனிதனா? காரணம் எளிது. அந்தச் சாம்பல் வானத்திலிருந்து நேரே விழுந்ததல்ல, ஆறு அடித்துவந்து சேர்த்தது. வழியில் பழம்பாறைத் துகள்களும் கலந்துவிட்டன. படிகங்களைப் பொறுக்கி எடுத்து மறுபடி அளந்தபோது 26 லட்சம் வந்தது. அப்படியானால் மண்டையோடு கிட்டத்தட்ட 29 லட்சம் என்று அறிவித்தார்கள்.

இதை ஒப்பாதவை பன்றிகள். ஏரிக்கு வடக்கே எத்தியோப்பியாவில் ஓமோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே சாம்பல் அடுக்குகள் நிறைய, வயதும் ஒழுங்காகக் கணித்தாயிற்று. அந்த அடுக்குகளில் பன்றிகளின் கடைவாய்ப் பல் காலம் செல்லச் செல்ல நீண்டும் உயர்ந்தும் வளர்வதை பேசில் குக் என்ற ஆய்வாளர் கண்டார். கேபிஎஸ் சாம்பலுக்குக் கீழே கிடைத்த பற்களை ஓமோப் பற்களோடு ஒப்பிட்டால், அவை சுமார் 20 லட்சம் ஆண்டுப் பற்களோடுதான் பொருந்தின. பன்றி கென்யாவில் ஒரு வேகத்திலும் பக்கத்து எத்தியோப்பியாவில் வேறு வேகத்திலுமா மாறும்? கருவியின் எண்ணை நம்பியவர்கள் அப்படியும் வாதாடிப் பார்த்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சில ஆண்டுகள் இழுபறி. கடைசியில் சாம்பலில் இருந்த நுரைக்கல் கட்டிகளைத் தேர்ந்து, அவற்றுக்குள் இருந்த படிகங்களை மட்டும் எடுத்து அளந்தார்கள். கட்டிக்குள் இருக்கும் படிகம் அந்த வெடிப்பில் பிறந்தது. வழியில் கலந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. வெவ்வேறு ஆய்வகங்களில், வெவ்வேறு முறைகளில் அளந்தும் விடை ஏறக்குறைய 19 லட்சத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே கிடந்த 1470-க்குச் சுமார் 20 லட்சம்.

இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு எரிமலை வெடிப்பின் சாம்பலுக்கும் தனி வேதிக்கலவை உண்டு, கைரேகை மாதிரி. கேபிஎஸ் சாம்பலின் கைரேகையை ஓமோ அடுக்குகளில் தேடினார்கள். அங்கே எச்2 என்று வேறு பெயரில் அதே சாம்பல் இருந்தது, பன்றிப் பற்கள் எதிர்பார்க்க வைத்த அதே இடத்தில்.

வணக்கம்.