தாளிப்புக்கு எந்தச் சட்டி?

நேயர்களுக்கு வணக்கம். வார்ப்பிரும்பு, எவர்சில்வர், நான்ஸ்டிக் ஆகிய மூன்றில் எந்த வாணலியை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, ஒரு தாளிப்பை வைத்தே விடை சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கடுகு வெடிக்க எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். ஆனால் அதற்கு அடுத்து விழும் உளுத்தம்பருப்பும் பெருங்காயமும் அதே சூட்டில் சில விநாடிகளிலேயே கருகிவிடும். ஆகவே தாளிப்புக்கு வேண்டியது விரைவில் ஏறி, விரைவில் இறங்கும் சூடு. கனமான வார்ப்பிரும்புச் சட்டியின் இயல்போ இதற்கு நேர் எதிரானது. புதிதாக வாங்கிய சட்டியில் முதன்முறை சாம்பாருக்குத் தாளித்தபோது, பருப்பு பொன்னிறமானதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கறிவேப்பிலையை உருவத் திரும்பினேன். அதற்குள் பருப்பு காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விட்டது. இப்போது கடுகு வெடித்து ஓய்ந்தவுடனே அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகே பருப்பைப் போடுகிறேன். சட்டியில் தங்கியிருக்கும் சூடே அதைச் சிவக்க வைத்துவிடுகிறது.

அந்தச் சூடுதான் உருளைக்கிழங்கு வறுவலில் நமக்குக் கைகொடுக்கிறது. ஈரமான துண்டுகளைக் கொட்டினாலும் சட்டி குளிர்ந்துவிடுவதில்லை என்பதால், கிழங்கு வெந்து குழையாமல் மொறுமொறுப்பாக வறுபடுகிறது. மெல்லிய ஒற்றைத் தகடு எவர்சில்வரில் தீ படும் நடுப்பகுதி மட்டும் கருகி, ஓரத்துத் துண்டுகள் வெளுத்தே கிடக்கும். இடையில் அலுமினியம் வைத்த மூவடுக்கு வாணலியில் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதிலும்கூட, தெளித்த நீர்த்துளி சட்டென ஆவியாகாமல் முத்துப்போல் உருண்டோடும் அளவுக்கு வெறும் வாணலி காய்ந்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கிழங்கு அடிப்பிடிக்கும்.

நான்ஸ்டிக்கை இந்த இரண்டு வேலைகளுக்கும் நான் எடுப்பதில்லை. அதன் மேற்பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். மேலும் சூடேறினால் வெளிவரும் புகை, வீட்டில் வளரும் கிளிகளைக் கொன்றுவிடக்கூடியது. எண்ணெய் இருந்தால் அது முன்கூட்டியே புகைந்து நம்மை எச்சரித்துவிடும். வெறும் வாணலியைப் பெருந்தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாலோ, எந்த அறிகுறியும் காட்டாமல் சில நிமிடங்களில் அது அந்த அளவைக் கடந்துவிடும். தவிர, தாளிப்புக்கு ஊற்றும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அந்த வழுக்குப் பரப்பில் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்பதால், கடுகில் பாதி வெடிக்காமலே கிடக்கும்.

என் சமையலறையில் தாளிக்க ஒரு சிறிய எவர்சில்வர் கரண்டி, வறுவலுக்கு வார்ப்பிரும்புச் சட்டி என்று வேலை பிரிந்திருக்கிறது. புளிக்குழம்பும் எவர்சில்வரில்தான், ஏனெனில் நேரம் எடுத்துக் கொதிக்கும் புளி, எண்ணெய் தடவிப் பழக்கிய இரும்பின் கருமையை அரித்து, குழம்புக்கும் இரும்பு வாடையை ஏற்றிவிடும். நான்ஸ்டிக் ஒன்றும் இருக்கிறது. மிதமான தீயில் ஆம்லெட் போடுவதற்கு மட்டும்.