டெல்டா ஹெட்ஜை எத்தனை முறை திருத்துவது?

வணக்கம். ஒரு பங்கை ஸ்ட்ரைக் எனும் குறித்த விலையில் வாங்கும் உரிமைதான் கால் ஆப்ஷன். அதை விற்றவருக்கு, அதன் விலையான பிரீமியம் முதலிலேயே கைக்கு வந்துவிடும். ஆனால் பங்கு ஏற ஏற நஷ்டமும் ஏறும், அதற்கு எல்லை கிடையாது. அதனால் அவர் ஆப்ஷனின் டெல்டா அளவுக்குப் பங்கை வாங்கி வைத்துக்கொள்கிறார். பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் ஆப்ஷனின் மதிப்பு எவ்வளவு நகரும் என்பதே டெல்டா. இதுதான் டெல்டா ஹெட்ஜ். எவ்வளவு வாங்குவது என்பதைச் சூத்திரம் சொல்லிவிடும். எப்போதெல்லாம் அதைத் திருத்துவது என்பதுதான் தலைவலி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பங்கின் விலை 100, ஸ்ட்ரைக்கும் 100, எக்ஸ்பைரிக்கு மூன்று மாதம். ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 20 சதவீதம். வட்டியை விட்டுவிடுவோம். 10,000 பங்குகளுக்கான கால் ஆப்ஷனை விற்கிறோம். பிரீமியம் மொத்தம் ஏறக்குறைய 40,000. டெல்டா 0.52, ஆகவே 5,200 பங்கு வாங்குகிறோம்.

விலை 101 ஆனால் டெல்டா சுமார் 0.56 ஆகும், இன்னும் 400 பங்கு வாங்க வேண்டும். விலை மறுபடி 100-க்கு வந்தால் அதே 400-ஐ விற்க வேண்டும். 101-க்கு வாங்கி 100-க்கு விற்றதில் 400 போய்விட்டது. விற்றவரின் ஹெட்ஜ் எப்போதும் இப்படித்தான்: ஏறினால் வாங்கும், இறங்கினால் விற்கும். இந்த நஷ்டத்துக்குக் கூலியாக, நாள் ஒன்றுக்குச் சுமார் 316 வீதம் ஆப்ஷனின் மதிப்பு கரைந்து நமக்கு வருகிறது. பங்கு அன்றைக்கு 1.26 நகர்ந்தால் வரவும் செலவும் சரி. அதன் இரு மடங்கு நகர்ந்தால் நஷ்டம் நான்கு மடங்கு, ஏனென்றால் அது நகர்வின் வர்க்கத்தைப் பொறுத்தது.

திருத்தத்தைத் தள்ளிப்போடப் போட, இடையில் பங்கு எவ்வளவு ஓடியது என்பது அதிர்ஷ்டத்தின் கைக்குப் போகிறது. தினம் ஒரு முறை, அதாவது 63 முறை திருத்தினால், முடிவில் மிஞ்சும் லாப நஷ்டத்தின் திட்ட விலக்கம் சுமார் 4,450. பிரீமியத்தில் 11 சதவீதம்! வாரம் ஒரு முறை என்றால் 9,800. நாளுக்கு நான்கு முறை திருத்தினால் 2,230. நான்கு மடங்கு உழைத்தால் ஆபத்து பாதிதான் குறைகிறது.

செலவோ எதிர்த் திசையில் போகிறது. ஒவ்வொரு வியாபாரத்திலும் மதிப்பில் 0.05 சதவீதம் போகிறது என்று வைப்போம். முதல் கொள்முதலும் கடைசிக் கணக்குத் தீர்ப்பும் போக, வாரத் திருத்தத்துக்கு 570, தினத் திருத்தத்துக்கு 1,260, நாளுக்கு நான்கு முறைக்கு 2,520. திருத்தங்கள் நான்கு மடங்கானால் செலவு இரு மடங்கு. நான்கு மடங்காகாததற்குக் காரணம், இடைவெளி சுருங்கும்போது ஒவ்வொரு திருத்தத்தின் அளவும் சுருங்குவதுதான்.

ஆனால் இவ்விரண்டும் ஒரே ஜாதிச் சரக்கல்ல. செலவு உறுதியாகப் போகும் காசு. மிச்ச ஆபத்து லாபமாகவும் வரலாம், நஷ்டமாகவும் வரலாம். வெவ்வேறு பங்குகளில் ஐம்பது ஆப்ஷன் விற்றவரிடம் ஆபத்துகள் ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்; செலவுகள் கூடிக்கொண்டேதான் போகும். ஒரே ஒரு பெரிய ஆப்ஷனை வைத்திருப்பவர் அடிக்கடி திருத்துவதில் நியாயம் உண்டு. ஐம்பது வைத்திருப்பவர் அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

செலவை விற்கும்போதே விலையில் சேர்த்துவிட வேண்டும். ஹேய்ன் லீலண்ட் 1985-இல் காட்டிய வழி, ஏற்ற இறக்கத்தையே சற்று உயர்த்தி விலை போடுவது. நம் கணக்கில் தினத் திருத்தத்துக்கு 20 என்பது 20.6 ஆகிறது. 20-க்கே விற்றவர் முதல் நாளே சராசரியாக 1,260 பின்தங்கித்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்.

கடிகாரத்தைப் பார்த்துத் திருத்துவதைவிட விலகலைப் பார்த்துத் திருத்துவது மேல். டெல்டாவைச் சுற்றி ஒரு பட்டையை வைத்து, வைத்திருக்கும் பங்கு அதற்கு வெளியே போனால் மட்டும் திருத்த வேண்டும். செலவு வியாபார மதிப்பில் சதவீதமாக இருந்தால், நடுவுக்குக் கொண்டுவராமல் பட்டையின் விளிம்புவரை திருத்தினால் போதும். உத்தேசமாக, செலவு எட்டு மடங்கானால் பட்டையின் அகலம் இரு மடங்கு ஆகலாம், கனமூல விதி அது. பலர் 'ஐந்து புள்ளி டெல்டா' என்று ஒரே அகலத்தைக் கடைசிவரை வைத்துவிடுகிறார்கள். எக்ஸ்பைரிக்கு ஒரு நாள் இருக்கையில், பங்கு 100-லிருந்து 101-க்குப் போனாலே டெல்டா 0.5-லிருந்து சுமார் 0.79-க்குத் தாவும், 2,900 பங்கு வாங்க வேண்டும். ஸ்ட்ரைக்கைச் சுற்றியே விலை ஊசலாடினால் அந்தக் குறுகிய பட்டை நாள் முழுக்க வாங்கி விற்கச் சொல்லி, செலவிலேயே நம்மைத் தின்றுவிடும். டெல்டா மாறும் வேகமான காமா பெருகும்போது பட்டையும் விரிய வேண்டும்.

எத்தனை முறை திருத்தினாலும் பிடிபடாதது ஒன்று உண்டு. ஆப்ஷன் விற்ற அன்று இரவே சந்தை மூடியிருக்கும்போது ஏதோ செய்தி வந்து, மறுநாள் பங்கு 105-இல் திறக்கிறது. 5,200 பங்கு 26,000 சம்பாதித்திருக்கும். ஆப்ஷனின் மதிப்போ சுமார் 30,700 ஏறியிருக்கும். 4,700 நஷ்டம், பதினைந்து நாள் கூலி. நடுவில் வியாபாரமே நடக்காதபோது திருத்த வழியேது? அதைக் குறைக்க வேறொரு ஆப்ஷனை வாங்கிக் காமாவையே குறைக்க வேண்டும், பங்கால் அது ஆகாது.