மவுஸ் இல்லாமல், திரையைப் பார்க்காமல், ஐந்தாம் அடுக்கில் இருக்கும் ஃபைலை எடுப்பது எப்படி?

[திரை முழுக்கக் கறுப்பு. விசைகள் தட்டும் ஒலி மட்டும்.]

இந்த வீடியோவில் திரை கறுப்பாகத் தெரிவது உங்கள் கைபேசியின் கோளாறு அல்ல, நான் வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறேன். மவுஸின் வயரையும் பிடுங்கிவிட்டேன். மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் D டிரைவுக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கிறது. அதை எடுக்கப் போகிறேன், காதை மட்டும் கொடுத்துக் கேளுங்கள்.

[ஒலி: வேகமாக அடுத்தடுத்து விசைத் தட்டல்கள். கடைசியில் திரைவாசிப்பான் குரல்: "மதிப்பெண் பட்டியல்".]

கிடைத்துவிட்டது. இதில் பெரும்பாலும் வலது அம்புதான் வேலை செய்தது. இன்றைய வீடியோ முழுக்க அதையும் அதன் ஜோடியான இடது அம்பையும் பற்றியதுதான்.

[திரை: விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். இடது பலகத்தில் ஃபோல்டர் மரம்.]

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1995-ல் வந்த விண்டோஸ் 95-லிருந்தே எக்ஸ்ப்ளோரரின் இடது பக்கத்தில் ஃபோல்டர்களை மரம் போலக் காட்டும் பலகம் உண்டு. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்தான் திரைவாசிப்பான், நான் பயன்படுத்துவது என்விடிஏ. அது இலவசம், 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கியது. பின்னணி இவ்வளவு போதும்.

இப்போது வலது அம்பு. மரத்தில் ஒரு ஃபோல்டர்மேல் நிற்கிறீர்கள், அது மூடியிருக்கிறது. வலது அம்பை ஒருமுறை தட்டினால் ஃபோல்டர் விரியும், ஆனால் நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள். இரண்டாவது முறை தட்டினால்தான் உள்ளே முதல் அறைக்குப் போவீர்கள். முதல் தட்டு கதவைத் திறக்கிறது, இரண்டாவது தட்டு காலை உள்ளே வைக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் தட்டிலேயே உள்ளே வந்துவிட்டதாக நினைத்துக் கீழ் அம்பை அழுத்துகிறார்கள். அந்த நேரத்தில் அது சரியாகவே வேலை செய்துவிடும், ஏனென்றால் விரிந்த ஃபோல்டருக்குக் கீழே அடுத்து இருப்பது அதன் முதல் பிள்ளைதான். ஃபோல்டர் விரியாமல் இருந்திருந்தால் அதே கீழ் அம்பு பக்கத்து ஃபோல்டருக்குக் கொண்டுபோய் விட்டிருக்கும். வலது, வலது என்று இரண்டு முறை தட்டிப் பழகிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

வலது அம்பைத் தட்டியும் குரல் ஒன்றும் சொல்லவில்லையா? அந்த மௌனமும் ஒரு பதில்தான். அந்த ஃபோல்டருக்குள் வேறு ஃபோல்டர் இல்லை என்று பொருள். ஃபைல்கள் இருக்கலாம், ஆனால் மரம் ஃபோல்டர்களை மட்டுமே காட்டும். ஃபைல்களைப் பார்க்க வலப்பக்கப் பட்டியலுக்குப் போக வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

இனி இடது அம்பு. எனக்கு மிகவும் பிடித்த விசை இதுதான், இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

ஃபோல்டர் விரிந்திருந்தால் இடது அம்பு அதை மூடும். ஏற்கெனவே மூடியிருந்தால், அல்லது உள்ளே ஃபோல்டரே இல்லையென்றால், நேராகத் தாய் ஃபோல்டருக்குக் கொண்டுபோய்விடும். இதன் அருமையை ஒரு கணக்கில் சொல்கிறேன். "புகைப்படங்கள்" என்ற ஃபோல்டருக்குள் நாற்பது ஃபோல்டர்கள், நீங்கள் நிற்பது முப்பத்து மூன்றாவதில். மேல் அம்பை மட்டும் நம்பினால் "புகைப்படங்கள்" வரை ஏற முப்பத்து மூன்று தட்டு. நடுவில் ஏதாவது விரிந்து கிடந்தால் இன்னும் கூடும். இடது அம்பு என்றால் ஒரே தட்டு. அங்கே போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஒருமுறை இடது தட்டினால் அந்த நாற்பதும் சுருங்கி ஒரே வரியாகிவிடும்.

[ஒலி: மேல் அம்பு விடாமல் தட்டப்படுகிறது, குரல் பெயர் பெயராகச் சொல்கிறது. ஒரு சிறிய அமைதி. பிறகு ஒரே ஒரு தட்டு: "புகைப்படங்கள்".]

கேட்டீர்களா, அந்த இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! இதனால்தான் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது, வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள் என்பது. பார்வையுள்ளவர் விரிந்து கிடக்கும் மரத்தைக் கண்ணால் தாண்டிப் போய்விடுவார். காதால் கேட்கிறவருக்குத் திறந்து கிடக்கும் ஒவ்வொரு ஃபோல்டரும் கடந்தாக வேண்டிய ஒரு வரி.

இன்னொரு பயனும் உண்டு. அம்பு விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் போதும், எதையும் சேர்த்து அழுத்த வேண்டியதில்லை. ஒரே கையால் தட்டச்சு செய்கிறவர்கள், வாயில் குச்சி வைத்துத் தட்டுகிறவர்கள் ஆகியோருக்கு இது பெரிய விஷயம். சேர்த்து அழுத்த வேண்டிய இடங்களுக்கு, ஷிப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' வசதியை இயக்கலாம், பிறகு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திக்கொள்ளலாம்.

[திரை: மீண்டும் கறுப்பு.]

சரி, மதிப்பெண் பட்டியலை நான் எப்படி எடுத்தேன் என்று மெதுவாகப் பார்ப்போம். பாதை இது:

```
D:\குடும்பம்\02 கல்வி\மகள்\2024
```

விண்டோஸ் விசையுடன் E அழுத்தினேன், எக்ஸ்ப்ளோரர் திறந்தது. மரத்துக்குப் போக F6 விசை. ஒரு தட்டில் போகாவிட்டால் "ட்ரீ வியூ" என்று கேட்கும்வரை மறுபடி தட்டுங்கள். இப்போது மரத்தில் நிற்கிறேன். `This PC` என்பதன் முதல் எழுத்துகளைச் சட்டென்று தட்டினேன், அங்கே போய் நின்றது. வலது, வலது. உள்ளே D டிரைவ் வரும்வரை கீழ் அம்பு. மறுபடி வலது, வலது. "குடும்பம்" கிடைத்ததும் வலது, வலது. இப்போது குரல் சொல்வதைக் கவனியுங்கள்.

[ஒலி: திரைவாசிப்பான், மெதுவான வேகத்தில்: "லெவல் 4. 01 வீடு. கொலாப்ஸ்டு. 1 ஆஃப் 3".]

இந்த ஒரு வாக்கியத்தில் நான்கு செய்திகள் இருக்கின்றன. எத்தனையாவது அடுக்கு, பெயர் என்ன, திறந்ததா மூடியதா, உடன்பிறந்த மூன்றில் எத்தனையாவது. கண்ணால் பார்க்கிறவருக்கு வரி சற்று உள்ளே தள்ளி நிற்பது எதைக் காட்டுகிறதோ, அதைத்தான் நமக்கு 'லெவல்' எண் காட்டுகிறது. என்விடிஏ அதை அடுக்கு மாறும்போது மட்டுமே சொல்லும். ஆகவே 'லெவல்' என்ற சொல் காதில் விழுந்தால் நீங்கள் ஓர் அடுக்கு உள்ளே போயிருக்கிறீர்கள், அல்லது வெளியே வந்திருக்கிறீர்கள். எண் எதில் தொடங்குகிறது என்று கவலைப்பட வேண்டாம், அது கூடியதா குறைந்ததா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து '02' என்று தட்டினேன், "02 கல்வி" வந்துவிட்டது. பெயருக்கு முன்னால் எண் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெயரைத் தட்டி ஃபோல்டருக்குத் தாவும் வசதி, எந்த மொழி விசைப்பலகை இயங்குகிறதோ அந்த எழுத்தையே அனுப்பும். ஆங்கில அமைப்பில் இருந்துகொண்டு K தட்டினால் "கல்வி"க்குப் போகாது, ஒவ்வொரு முறையும் தமிழுக்கு மாற வேண்டும். எண் இரண்டு மொழிக்கும் பொது. தமிழில் பெயர் வைக்கிற எல்லோருக்கும் இதை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இப்படித் தாவும்போது விரிந்து தெரியும் ஃபோல்டர்களில்தான் தேடும், மூடிய ஃபோல்டருக்குள் இருப்பது அகப்படாது.

வலது, வலது, "மகள்". மறுபடி வலது, வலது, "2024". இங்கே என்டர். இப்போது அந்த ஃபோல்டரில் உள்ள ஃபைல்கள் வலப்பக்கம் வந்துவிட்டன, ஆனால் நான் இன்னும் மரத்தில்தான் நிற்கிறேன். டேப் அல்லது F6 தட்டிப் பட்டியலுக்குப் போக வேண்டும். போனதும் முதல் ஃபைல் தேர்வாகாமல் இருந்தால் ஹோம் விசை தட்டினால் சரியாகிவிடும்.

[திரை: ஒரே சாளரத்தில் மரமும் பட்டியலும்.]

ஆபத்து இருப்பதும் இங்கேதான். பட்டியலில் நிற்பதாக நினைத்து டெலீட் அழுத்தினால், உண்மையில் மரத்தில் நின்றிருந்தால், ஒரு ஃபைலுக்குப் பதிலாக முழு ஃபோல்டரும் மறுசுழற்சித் தொட்டிக்குப் போய்விடும். எனக்கு இது நடந்திருக்கிறது. ஓராண்டு ரசீதுகள் அத்தனையும் போயின. கன்ட்ரோல் விசையுடன் Z அழுத்தி உடனே மீட்டேன். அன்றிலிருந்து டெலீட்டுக்கு முன் என்விடிஏ விசையுடன், அதாவது வழக்கமாக இன்ஸர்ட் விசையுடன், டேப் அழுத்துகிறேன். நான் இப்போது எதன்மேல் நிற்கிறேன் என்று அது சொல்லும். 'ட்ரீ வியூ' என்ற சொல் வந்தால் விரலை எடுத்துவிடுகிறேன்.

இப்போது பலருக்கும் தெரியாத ஒரு செய்தி. எண் பலகையில் இருக்கும் நட்சத்திர விசை, நீங்கள் நிற்கும் ஃபோல்டருக்குள் இருக்கும் அத்தனை அடுக்குகளையும் ஒரே தட்டில் விரித்துவிடும். பல குறிப்புகளில் இதைப் படித்திருப்பீர்கள், தட்டிப் பார்த்து வேலை செய்யவில்லை என்று விட்டிருப்பீர்கள். காரணம், என்விடிஏயின் டெஸ்க்டாப் விசை அமைப்பில் அதே விசை மவுஸின் வலது கிளிக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸைச் சென்றடையும் முன்பே திரைவாசிப்பான் அதை எடுத்துக்கொள்கிறது. என்விடிஏ விசையுடன் F2 அழுத்திவிட்டு நட்சத்திரத்தைத் தட்டுங்கள். "அடுத்த விசையை அப்படியே விட்டுவிடு" என்ற கட்டளை அது. ஆனால் C டிரைவின் மேல் நின்றுகொண்டு ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள், ஆயிரக்கணக்கான ஃபோல்டர்கள் வரிசையில் வந்து நிற்கும்.

பேக்ஸ்பேஸ் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி வரை அது தாய் ஃபோல்டருக்கு ஏற்றியது, விஸ்டாவிலிருந்து கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. பட்டியலில் நின்று ஓர் அடுக்கு மேலே ஏற ஆல்ட் விசையுடன் மேல் அம்பு. மேக் கணினியில் கமாண்டு விசையுடன் மேல் அம்பு.

பாதை முழுவதும் மனப்பாடம் என்றால் மரமே வேண்டாம். ஆல்ட் விசையுடன் D அழுத்தி, பாதையைத் தட்டி, என்டர். ஆனால் அப்படிப் போனால் இடப்பக்க மரம் பழைய இடத்திலேயே நிற்கும். கன்ட்ரோல், ஷிப்ட், E மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மரம் நீங்கள் இருக்கும் ஃபோல்டர் வரை விரியும்.

[திரை: மீண்டும் கறுப்பு.]

இணையத்தில் வரும் மரங்களுக்கும் இதே இரண்டு அம்பு விதியைத்தான், இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான W3C-யின் அணுகல் வழிகாட்டி சொல்கிறது. மரம் முழுவதற்கும் டேப் ஒரே ஒரு முறை நிற்க வேண்டும், உள்ளே அம்புகள் வேலை செய்ய வேண்டும். பல தளங்கள் ஒவ்வொரு ஃபோல்டரிலும் டேப்பை நிறுத்துகின்றன, இடது அம்பை மறந்தே விடுகின்றன. நீங்கள் தினமும் பயன்படுத்தும் தளத்திலோ மென்பொருளிலோ மூடிய ஃபோல்டரில் நின்று இடது அம்பைத் தட்டிப் பாருங்கள். தாய் ஃபோல்டருக்குப் போகவில்லையென்றால் அதன் பெயரையும், தட்டியபோது குரல் என்ன சொன்னது என்பதையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் சோதித்து, அதை உருவாக்கியவர்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.