காதுல வடியுற சீழ் மூளைக்கு எப்படிப் போகுது?

வணக்கம் மக்களே, நான் நியூரோசர்ஜரில வேலை பாக்குறேன், இன்னைக்கு மூளைல சீழ்க்கட்டி பத்திப் பேசலாம். ஒரு 19 வயசுப் பையன், சின்ன வயசுலருந்தே இடது காதுல நாத்தமடிக்குற சீழ் வடியும், சொட்டு மருந்து விடுவாங்க, நிக்கும், திரும்ப வரும். ரெண்டு வாரமா தலைவலி, அப்புறம் வாந்தி. பேனாவக் காட்டி என்னன்னு கேட்டா "அது... எழுதுறது"ங்குறான், பேர் வாயில வரல. காய்ச்சல் பெருசா இல்ல. பாதிப் பேருக்குக் காய்ச்சலே இருக்காதுங்க, அதுலதான் ஏமாந்துடுவோம்.

நடந்தது என்னன்னா, காதுக்குள்ள தோல் தப்பான எடத்துல வளர்ந்து சேர்ந்து, கொலஸ்டியோடோமான்னு சொல்வோம், அது எலும்பையே அரிச்சிடும். நடுக்காதோட கூரை மெல்லிசான எலும்புத் தகடுதான், அதுக்கு மேல உக்காந்திருக்குறது டெம்பொரல் லோப்ங்குற மூளையோட பக்கவாட்டுப் பகுதி, பொருளுக்குப் பேர் சொல்ற வேலை இடது பக்கத்துல அங்கதான் நடக்குது. கிருமி சைனஸ்லருந்து போனா பெரும்பாலும் நெத்திக்குப் பின்னாடி உள்ள மூளை, அங்க சின்னச் சின்ன வெயின்ல வால்வே கிடையாது, அதனால ரத்தம் ரெண்டு பக்கமும் ஓடும், கிருமியும் கூடவே போயிடும். இதயத்துல பொறவியிலேயே ஓட்டை இருந்து உடம்பு நீலம் பூக்குற குழந்தைங்களுக்கு, நுரையீரல்ல வடிகட்டாமலே ரத்தம் நேரா மூளைக்குப் போயிடுது, அப்ப ஒண்ணுக்கு மேல கட்டி வரலாம்.

ஸ்கேன்ல ஒரு வளையம் மாதிரி தெரிஞ்சுது, மூணரை சென்டிமீட்டர். ட்யூமரும் இப்படித் தெரியும், ஆனா எம்ஆர்ஐ டிஃப்யூஷன் படத்துல உள்ள இருக்குற சீழ் பளிச்சுன்னு வெள்ளையா நிக்கும். இந்த மாதிரி ஆளுக்கு முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துடாதீங்க, மூளை கீழ இறங்கி உயிரே போயிடும்.

ரெண்டரை சென்டிமீட்டருக்கு மேல போனா பொதுவா மருந்து மட்டும் பத்தாது, சுத்தி இருக்குற சுவர் விடாது. மண்டைல சின்ன ஓட்டை போட்டு, ஊசி எங்க போகுதுன்னு காட்டுற நேவிகேஷன் பாத்துக்கிட்டே ஊசிய நடுவுல விட்டு 15 மில்லி சீழ மெதுவா இழுத்தோம், என்ன கிருமின்னு வளர்த்துப் பாக்குற கல்ச்சருக்கு உடனே அனுப்பினோம், காத்து படாம அனுப்பணும், ஏன்னா இதுல நெறைய கிருமி ஆக்சிஜன் பட்டா செத்துப் போயிடும், அப்புறம் ரிப்போர்ட்ல ஒண்ணுமே வளராது. கிருமியக் கொல்ல செஃப்ட்ரியாக்சோனும் மெட்ரோனிடசோலும் ஆரம்பிச்சோம், ஃபிட்ஸ் வராம ஒரு மாத்திரை.

பத்தாவது நாள் ஸ்கேன்ல கட்டி திரும்பக் கொஞ்சம் ரொம்பியிருந்துச்சு, இது நடக்குறதுதான், இன்னொரு தடவை இழுத்தோம். நாங்க பயப்படுறது வேற. சுவர் உள்பக்கம்தான் மெல்லிசு, அந்தப் பக்கம் ஒடஞ்சா மூளை நீர் அறைக்குள்ள சீழ் கொட்டிடும், திடீர்னு நினைவு போச்சுன்னா அதான் சந்தேகம்.

அவனுக்கு அது ஆகல. ஆறு வாரம் ஊசி, நடுவுல ஈஎன்டி டாக்டர் காதுப் பின்னாடி எலும்பத் தொறந்து சுத்தம் பண்ணாரு, அத விட்டா திரும்ப வரும். நாலாவது வாரம் பேனாவ நீட்டுனேன், "பேனா சார், தெனமும் இதேதானா"ன்னான்.