வாழ்த்தில் இன்னொரு பிள்ளைக்கு என்ன வேலை?

நடுவர் தந்த தலைப்பு: "நண்பர் வீட்டுப் பிள்ளைக்கு ரிசல்ட் வந்திருக்கு. வாழ்த்துச் சொல்லும்போது இன்னொரு பிள்ளையோட மார்க்கையும் சேர்த்துச் சொன்னா, அது ஊக்கமா, உறுத்தலா?"

'உறுத்தலே' அணியின் இரண்டாம் பேச்சு, சேலம்.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சிவதாபுரத்திலிருந்தும் பனங்காட்டிலிருந்தும் பட்டறை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் நேரில் பார்த்தது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த காலை. கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிறவர் ஒருவர், அவருடைய பையன் எடுத்தது 500க்கு 338. தமிழ் 81, ஆங்கிலம் 58, கணக்கு 62, அறிவியல் 70, சமூக அறிவியல் 67. பையன் அதை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி, கணக்குக்கு மட்டும் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தான். அப்பாவுக்குக் கைகொள்ளாத சந்தோஷம். காரணம் அந்த வட்டத்துக்குள் இருந்தது. அரையாண்டுத் தேர்வில் இதே பையன் கணக்கில் 29. பாஸ் மார்க் 35 என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்போது அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் போன் செய்தார். கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். நானும் கேட்டேன், பையனும் கேட்டான்.

"எவ்வளவுப்பா?"

"முந்நூத்தி முப்பத்தெட்டுங்க."

"சரி, பரவால்ல விடு. எந்தம்பி மக நானூத்தி எழுபத்தொண்ணு. டியூஷன்கூடப் போகல, பாத்துக்க."

"அப்படீங்களா, ரொம்ப சந்தோஷம். பாப்பாவுக்கு வாழ்த்துச் சொன்னேன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான் பேச்சு. போன் வந்தது யாருக்கு வாழ்த்துச் சொல்ல? கடைசியில் வாழ்த்தை வாங்கிக்கொண்டு போனது யார்? போன் செய்தவர்! பையனின் அப்பா சொல்ல வைத்திருந்த 29, 62 இரண்டும் அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டன. ஒப்பிட்டுச் சொல்லும் வாழ்த்தில் நடக்கிற முதல் கெடுதல் இதுதான். மனம் நோவதற்கு முன்பே பேச்சு திசைமாறிப் போய்விடுகிறது. 471 என்று கேட்ட பிறகு எந்த அப்பாவாவது "எம்பையன் கணக்குல பாஸ் பண்ணிட்டான்" என்று வாய் திறப்பாரா?

அந்தச் சிநேகிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் தம்பி மகள் மேல் பெருமை, அதைச் சொல்ல ஒரு காது வேண்டியிருந்தது. அதற்கு இன்னொரு போன் போட்டிருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

எதிரணியில் முதலில் பேசிய ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா நிறையப் படித்தவர். ஒப்பிடுவது மனித இயல்பு என்று 1954இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் எழுதியதை எடுத்துக் காட்டினார். ஐயா சொன்னது உண்மை. ஆனால் அதே ஃபெஸ்டிங்கர் அதே கட்டுரையில் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறார். தன் திறமையை அளந்து பார்க்க வேறு நேரான அளவுகோல் கிடைக்காதபோதுதான் மனிதன் அடுத்தவனைப் பார்த்துத் தன்னை அளக்கிறான் என்பது ஒன்று. தனக்கும் அடுத்தவனுக்கும் இடைவெளி கூடக் கூட அவனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நாட்டம் குறைந்துவிடும் என்பது இன்னொன்று. ஐயா, இந்தப் பையன் கையில் அளவுகோல் இருக்கிறது. பாடவாரியாக, நூற்றுக்கு இவ்வளவு என்று அரசே அச்சடித்துத் தருகிறது. 29க்கும் 62க்கும் நடுவில் அவன் என்ன செய்தான் என்பதை 471 எப்படி அளக்கும்? அந்தப் பெண் நன்றாகப் படித்திருக்கிறாள், நல்லது. இவன் எங்கே தடுமாறினான், எங்கே ஏறினான் என்பதைப் பற்றி அந்த எண்ணில் ஒரு தகவலும் இல்லை.

அதோடு, 2017ஆம் ஆண்டிலிருந்து பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசே நிறுத்திவிட்டது. சர்க்கார் கைவிட்ட பட்டியலை நாம் போனில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளிப் பட்டறை முதலாளி அண்ணன் பேசும்போது, "நாலு பேரைக் காட்டுனாத்தான் ரோஷம் வரும்" என்றார். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து, அடுத்த டெஸ்டில் இவனைப் பிடிக்கிறேன் என்று ஒரு பிள்ளை தானாக நினைத்தால், அது அவனை ஓட வைக்கும். ஆனால் அங்கே ஆளைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பிள்ளை, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் தேர்ந்தெடுத்தது, பரீட்சைக்கு முன்பு தேர்ந்தெடுத்தது. ரிசல்ட் வந்த அன்றைக்கு ரோஷத்தை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும் அண்ணா? பேப்பர் திருத்தி முடிந்து, மார்க் ஏறி, எல்லாம் ஆன பிறகு அந்த ரோஷம் போவதற்கு இடமே இல்லை. உள்ளேயே தங்கிவிடும்.

அம்மாபேட்டை அக்கா தலைப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தன் மகளைப் பற்றிப் பேசினார். மகள் நல்ல மார்க் எடுத்தும் சொந்தக்காரர் ஒருவரும் போன் செய்யவில்லை என்ற வருத்தம். ஒப்பிடக் கூடாது, ஒப்பிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி, நன்றாகப் படித்த பிள்ளையை யாரும் பாராட்டாமல் விட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறார். அக்கா, எங்கள் அணி மார்க்கை மறைக்கச் சொல்லவில்லை. 471 எடுத்த பெண்ணுக்கும் மனதாரப் பாராட்டு வேண்டும். அந்தப் பாராட்டில் 338 வரக்கூடாது, அவ்வளவே. அவளிடம் போய், "490 எடுத்தவங்களும் இருக்காங்க" என்று சொல்கிறவரும் இதே ஊரில் இருக்கிறார். மேலே காட்டினாலும் அந்தப் பிள்ளைக்கு நஷ்டம், கீழே காட்டினாலும் நஷ்டம்.

கீழே காட்டுவது என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது பணிவு மாதிரி வேஷம் போட்டு வரும். "உம்பையன் தேவலப்பா, எங்கூட்டுல ஒண்ணு இருக்கே, தண்டம்" என்பது. சொல்கிறவர் நண்பரை உயர்த்துவதாக நினைக்கிறார். பக்கத்து அறையில் அவருடைய சொந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் இருக்கிற நண்பர், "அப்படிச் சொல்லாதீங்க, அவனும் நல்ல பையன்தானே" என்று சமாதானம் சொல்ல ஆரம்பிக்கிறார். ஒரே வாக்கியத்தில் ஒரு பிள்ளை அவமானப்படுகிறது, இன்னொரு பிள்ளையின் நல்ல நாள் துக்கம் விசாரிப்பதாக மாறிவிடுகிறது. பெரிய மார்க்கைக் காட்டி ஒப்பிடுவதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

சரி, எப்படித்தான் வாழ்த்துவது? அன்றைக்குச் சாயங்காலம் அதே வீட்டுக்கு இன்னொரு நண்பர் வந்தார். அதே பட்டறையில் மெருகு வேலை செய்கிறவர். கையில் ஒரு பை மாம்பழம். "எவ்வளவு?" என்று அவர் கேட்கவே இல்லை. பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "எந்தப் பாடத்து மார்க்கைப் பார்த்து உனக்கே ஆச்சரியமா இருந்துச்சு?" என்றார். பையன் உடனே "கணக்கு" என்றான். "எப்படிடா?" என்றார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

பையன் சொல்லத் தொடங்கினான். கணக்குத் தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, இரண்டும் சேர்ந்து 16 மார்க். படம் போடப் பழகிவிட்டால் அது கையை விட்டுப் போகாது என்று டீச்சர் சொன்னதால், தை மாதத்திலிருந்து தினமும் ஒரு முக்கோணம், ஒரு வரைபடம் போட்டிருக்கிறான். முதலில் அளவுகோலும் காம்பஸும் நழுவும், தொடுகோடு வட்டத்தைத் தொடாமல் வெட்டிக்கொண்டு போகும். அது சரியாக வந்ததும், ஒரு மார்க் கேள்வி பதினாலையும் புத்தகத்தைப் பார்த்துப் பழகினான். இது இரண்டும்தான் தன்னைக் கரையேற்றியது என்று அவனே சொன்னான். சொல்லும்போது கை காற்றில் வட்டம் போட்டது. அவன் அப்பாவுக்கே இதில் பாதி புதுச் செய்தி.

வந்தவர், "அப்ப ராத்திரி உங்க வீட்டுல லைட் எரிஞ்சது இதுக்குத்தானா" என்றார். அதுதான் அன்றைக்கு அந்த வீட்டுக்குக் கிடைத்த வாழ்த்து. அதிலும் ஒப்பீடு இருக்கிறது என்று தலைமை ஆசிரியர் ஐயா மறுப்பு எழுதிக்கொள்வது தெரிகிறது. இருக்கிறது ஐயா. அரையாண்டுப் பையனோடு இன்றைய பையனை வைத்துப் பார்க்கும் ஒப்பீடு. அதையும் பையனே எடுத்துச் சொன்னான், வந்தவர் கேட்டுக்கொண்டார். மார்க் இறங்கிப் போன பிள்ளையிடம் இதே கேள்வியைக் கேட்டால் குத்தும். அங்கே "எந்தப் பரீட்சை எழுதும்போது நல்லா இருந்துச்சு?" என்று கேட்கலாம். பதில் சொல்ல மனமில்லாத பிள்ளையிடம் அதுவும் வேண்டாம், பழத்தைக் கொடுத்துவிட்டு அப்பாவோடு வேறு பேச்சுப் பேசலாம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ரிசல்ட் வந்த நிமிஷமே போன் செய்யாதீர்கள், வீட்டுக்காரர்கள் முதலில் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும், அவர்களே சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம். அப்புறம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே செய்தியில் மார்க் போட்டு வாழ்த்தாதீர்கள். யார் பெயர் முதலில் வந்தது என்பதை அந்த இரண்டு பிள்ளைகளும் கட்டாயம் பார்ப்பார்கள்.

ஒரு இடத்தில் எங்கள் அணிக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதை மறைக்காமல் வைக்கிறேன். நண்பரின் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வருஷம் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். நாம் ஒழுங்காக வாழ்த்தி முடித்ததும் நண்பரே, "உன் பொண்ணு எவ்வளவு?" என்று கேட்கிறார். எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, கூடவும் குறையவும் ஒரு வார்த்தை சேர்க்காமல், அவர் பிள்ளையின் பேச்சுக்கே திரும்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. "நாளைக்குப் பேசிக்கலாம், இன்னைக்கு உங்க நாள்" என்று தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் அணித் தலைவரின் கட்சி. மறைத்தால் அதுவே பெரிய மார்க் என்று ஊகிக்க விடும் என்று நான் நினைக்கிறேன், அவர் ஏற்கவில்லை. நடுவர் அவர்கள் தீர்ப்பில் இதற்கும் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் இருவருக்கும் உதவியாக இருக்கும். நன்றி, வணக்கம்.