அரை மணி நேரத்தில் புரோட்டீன் குடிக்கவில்லை என்றால் ஒர்க்அவுட் வீணா?

[காட்சி: மஞ்சக்குப்பம், இரவு ஏழரை மணி. ஜிம் வாசலில் பைக் மேல் உட்கார்ந்து ஒரு பையன் ஷேக்கரைக் குலுக்குகிறான்.]

வியர்வை காயறதுக்குள்ள குடிச்சிடணும். கடலூரில் எந்த ஜிம்முக்குப் போனாலும் யாராவது இதைச் சொல்வார்கள். அனபாலிக் விண்டோ என்று அதற்குப் பெயரும் உண்டு. தசை வளர்வதற்கான அந்த ஜன்னல் அரை மணி நேரத்தில் மூடிவிடுமாம்.

அப்படி மூடுவதில்லை. கனமான எடை தூக்கிய பிறகு தசை தன்னைப் புதுப்பிக்கும் வேலை ஒரு நாளைக்கு மேலும் கூடுதல் வேகத்தில் நடக்கும். 2013ல் ஷோன்ஃபெல்ட், அராகன், க்ரீகர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உடனே குடித்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அவர்கள் நாள் முழுக்கச் சாப்பிட்ட புரோட்டீனே அதிகம். அதைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போனது.

சரி, அந்தப் பையனின் நாளைப் பார்ப்போம். எடை 65 கிலோ. தசை வளர கிலோவுக்கு 1.6 கிராம் வீதம், ஒரு நாளைக்கு சுமார் 104 கிராம் புரோட்டீன் வேண்டும்.

[காட்சி: தட்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஓரத்தில் கிராம் கணக்கு ஏறுகிறது.]

காலையில் நான்கு இட்லி, சட்னி: 9 கிராம். மதியம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு பொரியல்: 11. மாலையில் டீ, பஜ்ஜி: 4. ஷேக்கரில் 24. இரவு மூன்று தோசை: 9. மொத்தம் 57. பாதியைத்தான் தாண்டியிருக்கிறான். ஷேக்கரை வாசலில் குடித்தாலும் வீட்டில் குடித்தாலும் இந்த 57 மாறாது.

இப்போது இட்லியோடு மூன்று அவித்த முட்டை, 18 கிராம். மதியம் 150 கிராம் மத்தி மீன் குழம்பில், 30 கிராம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், மத்தி கிடைக்காமலா போகும்? மொத்தம் 105. அசைவம் சாப்பிடாதவர்கள் கொண்டைக்கடலை சுண்டல், பனீர், தயிர் என்று வேளைக்கு வேளை சேர்த்துக்கொண்டு வர வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் வைத்துப் பார்த்த ஆய்வில், தசைப் புரோட்டீன் உருவாகும் வேகம் சுமார் 18 சதவீதம் குறைந்தது. இரவு ஷிஃப்ட் முடித்து நேராக ஜிம்முக்கு வருபவர்கள் ஷேக்கருக்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

[காட்சி: விடியற்காலை, சில்வர் பீச். மணலில் ஓடும் பையன்கள்.]

நேரம் முக்கியமாகிற இடமும் உண்டு. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு எடை தூக்கினால் பன்னிரண்டு மணி நேரமாக உள்ளே எதுவும் போகவில்லை. அப்போது காலை உணவைத் தள்ளிப் போடாதீர்கள். அப்புறம், காலையில் ஒரு கபடி மேட்ச், மாலையில் இன்னொன்று என்றால் தசையில் தீர்ந்த மாவுச்சத்து சேமிப்பைச் சீக்கிரம் நிரப்ப வேண்டும். மேட்ச் முடிந்ததும் சோறோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். அடுத்த ஆட்டம் நாளைக்குத்தான் என்றால் அந்த அவசரம் தேவையில்லை.